பேச்சுத் தமிழ் ஸ்கிரிப்ட்: வினைமுற்றை மட்டும் மாற்றினால் போதாது

வீடியோக்களுக்கு விவரணை எழுத ஆரம்பித்த புதிதில், மேட்டூர் அணையைப் பற்றி ஒரு பத்து நிமிட வீடியோவுக்கு எழுதிக் கொடுத்தேன். குரல் கொடுக்க வந்தவர் ஹெட்போனை மாட்டி, மூன்று வரி படித்துவிட்டு நிறுத்தினார். "சார், இத நியூஸ் மாதிரி படிக்கவா, பேசற மாதிரி படிக்கவா?" என்று கேட்டார். பேசுகிற மாதிரிதான் என்றேன். "அப்ப இது பேசற மாதிரி இல்லையே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லா வரியும் 'இருக்கு', 'பண்றாங்க' என்றுதானே முடிகிறது?

பிழையே அதுதான். நான் எழுதியதில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

> காவிரி ஆற்றின் குறுக்கே 1925ஆம் ஆண்டுல கட்டத் தொடங்கப்பட்டு, 1934ஆம் ஆண்டுல நிறைவு செய்யப்பட்ட மேட்டூர் அணை, 93.47 டிஎம்சி கொள்ளளவும் 120 அடி நீர்மட்டமும் கொண்டதா இருக்கு. மேலும், குறுவை சாகுபடிக்காக ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படறது வழக்கமா இருக்கு.

கட்டுரைக்கு எழுதியதை எடுத்து, 'ஆண்டில்' என்பதை 'ஆண்டுல' ஆக்கி, 'கொண்டதாகும்' என்பதை 'கொண்டதா இருக்கு' ஆக்கியிருக்கிறேன். வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் எங்கெங்கே இடிக்கிறது என்று தெரியும்.

முதலில் அந்த நீளமான பெயரெச்சத் தொடர். 'தொடங்கப்பட்டு, நிறைவு செய்யப்பட்ட மேட்டூர் அணை' என்று எழுத்தில் வாசிப்பவர் கண்ணைத் திருப்பி முன்னால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. பெயர் வருகிற வரைக்கும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் இரண்டு ஆண்டுகளையும் மனதில் சுமந்துகொண்டு காத்திருக்கிறார். நாம் பேசும்போது முதலில் ஆளைச் சொல்லிவிட்டுத்தான் கதையைச் சொல்கிறோம்.

அடுத்தது 'படு' வினை. தொடங்கப்பட்டு, செய்யப்பட்ட, திறக்கப்படறது. வீட்டில் யாராவது "சாதம் வடிக்கப்பட்டது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? பேச்சில் "வடிச்சாச்சு" என்போம், இல்லையென்றால் "வடிச்சுட்டாங்க" என்போம். யார் செய்தார்கள் என்று தெரியாத இடத்தைக்கூட 'ஆங்க' விகுதியும் 'ஆச்சு'வும் பார்த்துக்கொள்ளும். 'திறக்கப்படறது' மாதிரியான சொல் யார் வாயிலும் பிறந்ததில்லை. பேச்சுத் தமிழ் ஸ்கிரிப்டில் 'பட்ட', 'படற' என்று எங்கே வந்தாலும் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

அப்புறம் 'மேலும்'. எனவே, ஆகையால், இருப்பினும், குறிப்பாக என்று இந்த வகையில் நிறைய உண்டு. வினைமுற்றை மாற்றுகிறவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள். பேச்சில் இவற்றின் வேலையை 'அதனால', 'ஆனா', 'அப்புறம்', 'இதுல என்னன்னா' செய்யும். பாதி இடங்களில் எதுவுமே வேண்டியதில்லை, அடுத்த வாக்கியத்தைச் சொன்னாலே போதும்.

அந்தப் பத்தியைக் கடைசியில் இப்படித் திருத்தினேன்:

> மேட்டூர் அணை. காவிரிக்குக் குறுக்க கட்டியிருக்காங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சுல வேலையை ஆரம்பிச்சாங்க. முடிக்க ஒன்பது வருஷம் ஆச்சு. இதுல நூத்தி இருபது அடி உயரத்துக்குத் தண்ணி நிக்கும். முழுசா நிறைஞ்சா தொண்ணூத்தி மூணு டிஎம்சிக்கு மேல. ஜூன் பன்னெண்டாம் தேதி குறுவைக்குத் திறந்து விடறது வழக்கம்.

1934 காணாமல் போய்விட்டது. ஆனால் ஒன்பது வருஷம் என்று சொன்னாலே கேட்பவருக்குக் கணக்கு வந்துவிடுகிறது. 93.47இல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் திரையில் எழுத்தாகப் போட்டோம். எண்களை எழுத்தால் எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். '1925' என்று இலக்கத்தில் கொடுத்தால், குரல் கொடுப்பவர் ஒரு கணம் தடுமாறி 'இருபத்தைந்து' என்று படித்துவிடுவார். பக்கத்திலேயே 'ஆரம்பிச்சாங்க' இருக்கும். அந்த ஒரு சொல்லில் நடை உடைந்துவிடும். இரண்டரை, ஒன்னேகால் லட்சம், முக்கால் வாசி என்று வாயில் வருகிறபடியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

சரி, எல்லா வீடியோவுக்கும் இதே நடையா? இங்கேதான் இரண்டாவது பெரிய தவறு நடக்கிறது. பேச்சுத் தமிழ் என்றாலே ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் எழுதுவது.

அதே மேட்டூரை டெல்டா விவசாயிகளுக்கான வீடியோவில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அணை எங்கே இருக்கிறது, எப்போது கட்டினார்கள் என்று ஆரம்பித்தால் அவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். "ஜூன் பன்னெண்டு மேட்டூர் திறந்தா, கல்லணைக்குத் தண்ணி வர மூணு நாலு நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் மேல. அதுக்குள்ள நாத்தங்காலை ரெடி பண்ணணும்" என்று தொடங்கினால் உட்கார்ந்து கேட்பார். இங்கே முக்கியம் குறுவை, கடைமடை, நாத்தங்கால், முறைப்பாசனம் மாதிரியான தொழில் சொற்கள் சரியாக விழுவதுதான். தஞ்சாவூர்ப் பேச்சை நகல் எடுக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரர் செயற்கையாக அந்த ஊர்ப் பேச்சைப் பேசினால் உள்ளூர்க்காரருக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும், கிண்டல் செய்கிறாரோ என்றுகூடத் தோன்றும். மதுரைப் பக்கம் 'போயிருச்சு' என்பார்கள், சென்னைப் பக்கம் 'போயிடுச்சு' என்பார்கள். குரல் கொடுப்பவருக்கு எது இயல்போ அதை எழுதி, கடைசி வரைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 'அவுக', 'ஏனுங்க' எல்லாம் கதாபாத்திரம் பேசும் இடத்துக்கு.

டிஎன்பிஎஸ்சி போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு என்றால் கதை வேறு. அவர் தேர்வில் பார்க்கப்போவது 'கொள்ளளவு', 'நீர்மட்டம்', 'பாசனப் பரப்பு' என்ற சொற்களைத்தான். இவற்றை 'எவ்வளவு தண்ணி புடிக்கும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், கேள்வித்தாளில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது அவருக்கு அது புதுசாக இருக்கும். அதனால் "அணையோட முழுக் கொள்ளளவு, அதாவது மொத்தமா எவ்வளவு தண்ணி புடிக்கும்னு கேட்டா, தொண்ணூத்தி மூணு புள்ளி நாலு ஏழு டிஎம்சி" என்று கலைச்சொல்லை எழுத்து வடிவத்திலும் வாக்கியத்தைப் பேச்சிலும் கொடுக்க வேண்டும். இங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் விட முடியாது, கேள்வியே அதில்தான் வரும்.

அப்படியென்றால் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் கலக்கலாமா? கலக்கலாம், எதைக் கலப்பது என்று தெரிந்தால். பெயர்ச்சொற்களும் கலைச்சொற்களும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் காது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வினைமுற்று, வேற்றுமை உருபு, இணைப்புச் சொல், நீங்கள்-நீங்க, அவர்கள்-அவங்க மாதிரியான பிரதிப்பெயர், இந்த நான்கும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். 'அணையோட கொள்ளளவு' உறுத்தாது. 'அவர்கள் கட்டுனாங்க' உறுத்தும். 'இந்த அணையிலிருந்து தண்ணி திறந்து விடறாங்க' என்பதும் உறுத்தும், அங்கே 'அணையில இருந்து' வேண்டும். இதற்கு நேர்மாறாக ஒரு தவறும் உண்டு. பேச்சுத் தமிழ் என்று சொல்லிவிட்டு 'பேருந்துல ஏறி, மகிழுந்துல போய்' என்று எழுதுவார்கள். பெயர்ச்சொல்தான், இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் பஸ்ஸில் போகிறவர் யாரும் அப்படிப் பேசமாட்டார்.

எழுத்து வழக்கே பொருந்துகிற இடங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசு அறிவிப்பு, அஞ்சலி, கல்வெட்டு பற்றிய ஆவணப்படம், பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து பார்க்கும் பாடம். யாழ்ப்பாணத்து மாணவருக்குச் சென்னைப் பேச்சு புரியாமல் இல்லை, சினிமாவில் கேட்டுப் பழகியதுதான். ஆனால் பாடத்தில் அது வந்தால் சினிமா மாதிரியே கேட்கும். 'கதைப்பது', 'விளங்குது' என்று பேசி வளர்ந்தவருக்கு நம் 'பேசறது', 'புரியுது' வேறு ஊர்க்குரல்தான். இரண்டு ஊருக்கும் பொதுவாக இருப்பது எழுத்துத் தமிழ். வெளிநாட்டில் வீட்டுத் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு இது அப்படியே தலைகீழ், 'ஆகையால்' என்றாலே முழிப்பார்கள்.

எழுத்து வழக்கு என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. "மேட்டூர் அணையின் கட்டுமானப் பணி 1925இல் தொடங்கியது. முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. இன்றும் ஜூன் மாதம் வந்தால் டெல்டா விவசாயிகள் இதன் நீர்மட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்." இது முழுக்க எழுத்துத் தமிழ், ஆனாலும் மூச்சு முட்டவில்லை. வாக்கியம் சின்னதாக இருக்கிறது, 'படு' வினை இல்லை. என் பழைய பத்தியைக் கெடுத்தவை எழுத்து வழக்கிலும் கெடுக்கும்.

எழுத்துக்கூட்டலில் பலர் மிகைப்படுத்திவிடுகிறார்கள். 'ஒடம்பு', 'எலை', 'தொறந்து', 'மரோ' என்று ஒவ்வொரு ஒலியையும் எழுதிக் காட்டினால் குரல் கொடுப்பவர் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவார். 'திறந்து' என்று எழுதினாலும் பேச்சு ஓட்டத்தில் வாய் தானாகவே 'தொறந்து' என்றுதான் சொல்லும். 'மரம்' என்பதன் கடைசி ஒலி மூக்கில் கரைவதும் அப்படித்தான். சொல்லின் உருவமே மாறுகிற இடத்தில் மட்டும் மாற்றி எழுதுங்கள். 'வந்துவிட்டது' என்று எழுதியிருந்தால் அதை 'வந்துடுச்சு' என்று யாரும் தானாகப் படிக்கமாட்டார்கள். 'இரண்டு' என்பதும் 'ரெண்டு' ஆகாது.

நேரக் கணக்கிலும் ஒரு இடறல் இருக்கிறது. ஆங்கில ஸ்கிரிப்டின் சொல் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அதே எண்ணிக்கையில் தமிழில் எழுதினால் வீடியோவை மீறி ஓடும். நம் சொற்கள் நீளம், உருபெல்லாம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். எனக்கு நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு நூறு சொல் பக்கம்தான் வருகிறது. உங்கள் குரலுக்கு ஒரு பக்கத்தைப் படித்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் நான் எழுதுவதற்கு முன் தகவல்களை ஒரு தரம் படித்துவிட்டு, தாளை மூடி வைத்துவிட்டு, வீடியோவை யார் பார்க்கப்போகிறாரோ அவரைப் போன்ற ஒருவருக்கு போன் போட்டுச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடு அதைப் பதிவு செய்துகொள்கிறேன். அதிலிருந்துதான் முதல் வரைவு. எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கும்போது, தாளில் ஒன்று இருக்க வாய் வேறொன்றைச் சொல்லிவிடுகிற இடங்களை பென்சிலால் சுழித்து வைக்கிறேன். மேட்டூர் ஸ்கிரிப்டைத் திருத்திய அன்று முதல் பக்கத்தில் மட்டும் பதினான்கு சுழி இருந்தது. பதினாலையும் வாய் சொன்னபடியே மாற்றினேன்.