தன்குறிப்பு பதவிப் பட்டியலாக நிற்கும்போது நேரும் தவறுகள்

கருத்தரங்கு அழைப்பிதழுக்கு ஒருவர் தரும் தன்குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றினார். பிறகு காப்பீட்டு நிறுவனத்தில் கிளைம் அலுவலராகப் பணியாற்றினார். பிறகு ஓராண்டு ஜவுளிக்கடை நடத்தினார். பிறகு மருத்துவமனை மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சியாளராகப் பணியாற்றினார். தற்போது ஆலோசகராக உள்ளார்.”

எல்லாம் உண்மைதான். ஆனாலும் படித்து முடித்ததும் இவர் எதற்காக மேடை ஏறுகிறார் என்று தெரியவில்லை. இதைத் திருத்த உட்காருகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதல் சறுக்கல், எல்லா வேலைகளையும் இணைக்கும் இழையாக ஒரு நற்குணத்தைப் பிடித்துக்கொள்வது. “சேவை மனப்பான்மையோடு பல துறைகளில் தடம் பதித்தவர்” என்ற வரியை யாருடைய குறிப்பிலும் ஒட்டிவிடலாம். எல்லா வேலையும் அதற்குள் அடங்கும் என்பதால் எதை விடுவது என்று அது சொல்லாது. அதற்குப் பதில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: அங்கே தினமும் கையில் வந்தது என்ன, சேரும்போது தெரியாதிருந்து விலகும்போது தெரிந்திருந்தது என்ன. இவருடைய தாளில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வரும்: டிஸ்சார்ஜ் சம்மரி. வார்டில் அதை நோயாளியிடம் கொடுத்து விளக்கினார். காப்பீட்டு அலுவலகத்தில் அதே தாளைச் சரிபார்த்தார். மென்பொருள் நிறுவனத்தில் அதைக் கணினியில் நிரப்பக் கற்றுக்கொடுத்தார். இதுதான் இழை. ஜவுளிக்கடை இதில் சேராது, அதை விட்டுவிடலாம். இழை சரியானதா என்று அறிய, அது ஒரு வேலையையாவது வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வினைச்சொல். தமிழில் பட்டியல் வாடை அடிப்பதற்குப் பெரும்பங்கு காரணம் “ஆகப் பணியாற்றினார்” என்ற முடிவுதான். “பொறுப்பு வகித்தார்” என்று மாற்றினாலும் அதே கதை; நாற்காலி தெரியும், வேலை தெரியாது. கொடுத்தார், சரிபார்த்தார், திருப்பி அனுப்பினார், கற்றுக்கொடுத்தார் போன்ற வினைகளை வைத்தால் பதவிப்பெயர் தானாகப் பின்னுக்குப் போகும்.

மூன்றாவது, காலவரிசையிலேயே தொடங்குவது. கேட்பவருக்கு வேண்டியது இன்றைய வேலை. அது முதல் வரியில் வரட்டும். பழையவை அதற்குக் காரணமாகப் பின்னால் வரட்டும். “பிறகு” வரும் இடத்தில் எல்லாம் “அதனால்” போட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் தொடர்பு இருக்கிறது. நிற்காவிட்டால் இடையில் ஏதோ சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது அந்த வேலை கதையைச் சேர்ந்ததல்ல. இங்கே ஓர் எச்சரிக்கை: தொடர்பு வேண்டும் என்பதற்காகக் காரணத்தைக் கற்பிக்கக் கூடாது. ஊர் மாற்றத்தால் வேலை மாறியவர் “சிக்கலைத் தீர்க்கவே மாறினார்” என்று எழுதினால், மேடையில் வரும் முதல் கேள்வியிலேயே அது நொறுங்கிவிடும். காரணம் சொல்லாமல், அங்கே கண்டதை மட்டும் சொன்னால் போதும்.

திருத்திய வடிவம் இது:

“காப்பீட்டு கிளைம்கள் ஏன் நின்றுபோகின்றன என்று கண்டறிந்து சரிசெய்ய, சிறு மருத்துவமனைகளுக்கு ஆலோசனை தருகிறார். செவிலியராக இருந்தபோது வீடு திரும்பும் நோயாளிகளிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்து விளக்கியவர். கிளைம் அலுவலராக அதே தாளை மேசையின் மறுபக்கம் இருந்து பார்த்தார்: நோய் எப்போது தொடங்கியது என்ற குறிப்பு இல்லாமலும், கேஸ் ஷீட்டோடு தேதி பொருந்தாமலும் கோப்புகள் திரும்பின. பின்னர் மென்பொருள் பயிற்சியாளராக, அந்த விவரங்கள் விடுபடாமல் பதிவுசெய்ய மருத்துவமனை ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.”

பதவிப்பெயர்கள் மூன்றும் இதில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கதை எழுதும் உற்சாகத்தில் அவற்றை அடியோடு நீக்குவது இன்னொரு தவறு. ஆள் தேடுகிறவர்கள் பதவிப்பெயரை வைத்துத்தான் தேடுகிறார்கள். எல்லா வேலைக்கும் சம இடம் தரவில்லை என்பதையும் பாருங்கள்: கோப்புகள் திரும்பிய இடம்தான் கதையின் திருப்பம், அதனால் அந்த வரி மட்டும் நீளம். ஆண்டுகளைப் போடவில்லை, போட்டிருந்தால் ஜவுளிக்கடை இருந்த இடம் ஓட்டையாகத் தெரிந்திருக்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் அந்த ஓராண்டும் தேதிகளோடு முழுதாக இருக்க வேண்டும்; அங்கே விடுபட்டால் மறைத்ததாகிவிடும்.

இதையே இணையத்தில் ஏற்றும்போது எழுத்து வரம்பைப் பாருங்கள். “கொ” என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு “க” என்ற எழுத்தும் “ொ” என்ற துணைக்குறியும் சேர்ந்து இரண்டு. லிங்க்ட்இன் தளத்தின் அறிமுகப் பகுதி, கணினி எண்ணும் கணக்கில், 2,600 எழுத்துக்குறிகளை ஏற்கும். ஆனால் விரித்துப் பார்க்காதவருக்கு முதல் சில வரிகளே தெரியும். இன்றைய வேலையைச் சொல்லும் வாக்கியம் அதற்குள் முடிந்துவிடுகிறதா என்று கைபேசியில் திறந்து பார்த்துவிடுங்கள்.