‘பார்ப்போம்’ என்பதை மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி வட்டாரத்துக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. அதில் நான் செய்த பெரிய தவறு ஒற்றைச் சொல்லில் நடந்தது.

வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலேயருக்கு தரையில் பதிக்க 20 நாளில் 800 ஆத்தங்குடி கல் வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “இருபது நாளா... முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் சார், பார்ப்போம்” என்றார். நான் அதை “ஹீ வில் ட்ரை” என்று சொன்னேன். வந்தவர் சந்தோஷமாகக் கைகுலுக்கி, கொத்தனாருக்கும் தேதி கொடுத்துவிட்டார். 20-ஆம் நாள் போனால் ஒரு கல்கூட வார்க்கவில்லை. “நான் சரின்னு சொல்லவே இல்லையே தம்பி, முன்பணம்கூட வாங்கலையே” என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்னது முழு உண்மை.

ஆத்தங்குடி கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி எடுப்பார்கள். அப்புறம் நாட்கணக்கில் தண்ணீரில் ஊற வேண்டும், பிறகு காய வேண்டும். ஆளைக் கூட்டினாலும் ஊறும் நாளைக் குறைக்க முடியாது. இது தெரிந்த மனிதர், ஊர் தேடி வந்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் “முடியாது” என்று சொல்ல மனமில்லாமல் “பார்ப்போம்” என்றார். நம் ஊரில் முகதாட்சண்யம் என்று இதைத்தான் சொல்கிறோம். பக்கத்தில் நின்ற வேலையாள் வரைக்கும் எல்லாருக்கும் புரிந்தது. ஆங்கிலத்தில் வேலை விஷயமாக “ஐ வில் ட்ரை” என்றால், நிச்சயமில்லை என்றாலும் இறங்கிச் செய்வேன் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். சொல்லுக்குச் சொல் சரியாக வைத்தும் நான் ‘இல்லை’யை ‘ஆமாம்’ ஆக்கிவிட்டேன்.

தமிழில் விடை பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கிறது. “பார்க்கலாம்”, “பார்ப்போம்” என்று மொட்டையாக வந்தால், நாளும் சொல்லவில்லை என்றால், அநேகமாக மறுப்புதான். அதே ஆள் “பார்த்துடலாம்”, “செஞ்சுடலாம்” என்றால் அது சம்மதம். நடுவில் நுழையும் அந்த ‘விடு’, காரியத்தை முடித்துவிடுவேன் என்கிறது. இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொற்றொடரில் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வாலில் சந்தேகம் இருந்தால் அடுத்த பேச்சைக் கவனியுங்கள். செய்யப்போகிறவர் அளவு என்ன, என்ன நிறம், எங்கே இறக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். மறுக்கிறவர் காபி சாப்பிடச் சொல்வார்.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். அந்த ஆங்கிலேயர் ஒருமுறை, பணத்தைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப “ஐ வில் ட்ரை” என்றார். அதை “முயற்சி பண்றேங்கிறார்” என்று சொன்னால், பணம் வராது என்றுதான் இங்கே எடுத்துக்கொள்வார்கள். “அனுப்பத்தான் போகிறார், பேங்கில் ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம்” என்று சொன்னேன். ஆனால் விருந்துக்கோ கல்யாணத்துக்கோ கூப்பிடும்போது வரும் “ஐ வில் ட்ரை” வேறு. அது பல நேரம் அவர்களிடமும் வரமாட்டேன் என்பதே.

ஜாடை புரிந்துவிட்டது என்று நாமாகவே “நோ” என்று போட்டு உடைப்பதும் தவறுதான். அவர் காப்பாற்றிய மரியாதையை நாம் கெடுத்துவிடுகிறோம். தவிர, நம் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல, பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. வீட்டைப் படம்பிடிக்கக் கேட்டால் ஆச்சி “பங்காளிகளைக் கேட்டுச் சொல்றேன்” என்பார். அது மறுப்பாகவும் இருக்கும், நிஜமாகவே கேட்க வேண்டியதாகவும் இருக்கும். “பெரியவர் வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வர்றார், அவரைக் கேட்டு...” என்று ஆளும் நாளும் சேர்ந்து வந்தால் காத்திருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, “இது கஷ்டம் என்று எனக்குப் படுகிறது, இது என் கருத்து” என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறேன்.

கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். “20 நாளில் முடியுமா?” என்று கேட்டால் மரியாதைக்காரர் வாயிலிருந்து ‘முடியாது’ வராது. அந்தப் பட்டறைக்கு மறுபடி போனபோது, “20 நாளில் எத்தனை கல் கொடுப்பீங்க, மொத்தத்துக்கும் எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டேன். உடனே விரல் விட்டு எண்ணினார். “முந்நூறு கொடுத்துடலாம். மிச்சத்துக்கு இன்னும் ஒரு மாசம் வேணும். கூடத்துக்கு எந்த டிசைன்?” முன்பணமும் வாங்கிக்கொண்டார். கூடத்துக்கு முதலில், தாழ்வாரத்துக்குப் பிறகு என்று கொத்தனாரின் தேதியை அன்றைக்கே மாற்றினோம்.