ரீலில் எத்தனை மீட்டர் கம்பி இருக்கிறது? எடையிலிருந்து நீளம் காணும் முறை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லேபிள் கிழிந்த, பாதி தீர்ந்த காப்பர் கம்பி ரீல்களை எடை போட்டு வாங்கி வருபவர்களுக்கு, அதில் எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறது என்பது காயில் சுற்றத் தொடங்கும் முன் தெரிந்தாக வேண்டும். கம்பியைப் பிரிக்காமலேயே அதைக் கணக்கிடலாம்.

முதலில் ஒரு வசதியான உண்மை: 1 சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள கம்பியில் 1 மீட்டரின் கன அளவு சரியாக 1 கன செ.மீ. ஆகவே பரப்பை அடர்த்தியால் பெருக்கினால், ஒரு மீட்டரின் எடை நேராகக் கிராமில் கிடைத்துவிடும்.

```
1 மீட்டரின் எடை = 0.7854 × விட்டம் × விட்டம் × அடர்த்தி
நீளம் = கம்பியின் எடை ÷ 1 மீட்டரின் எடை
```

விட்டம் மி.மீ.யிலும், எடை கிராமிலும், அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்ற அளவிலும் இருக்கட்டும். காப்பருக்கு 8.9, அலுமினியத்துக்கு 2.7.

26 கேஜ் எனாமல் கம்பி ரீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 1,240 கிராம். அதே வகைக் காலி ரீலைக் கடையில் கேட்டு நிறுத்தால் 140 கிராம். எனவே கம்பி மட்டும் 1,100 கிராம். 26 கேஜின் காப்பர் விட்டம் 0.457 மி.மீ. என்பதால் ஒரு மீட்டர் 1.46 கிராம், நீளம் ஏறத்தாழ 753 மீட்டர்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விட்டத்தில்தான். மைக்ரோமீட்டரை எனாமலோடு சேர்த்து வைத்தால் 0.50 மி.மீ. காட்டக்கூடும், அதை அப்படியே போட்டால் விடை 629 மீட்டராகச் சுருங்கிவிடும், ஏனெனில் விட்டம் இருமுறை பெருக்கப்படுவதால் அதில் வரும் பிழையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நுனியை நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, காப்பர் தெரிந்ததும் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். மேலும் தேய்த்தால் காப்பரே குறையும்.

மறுபுறம், எனாமலுக்கும் சிறிது எடை உண்டு என்பதால் 753 என்பதும் கொஞ்சம் கூடுதலே. எனாமலின் அடர்த்தியை ஏறத்தாழ 1.4 என்று கொண்டால் மீட்டருக்கு 0.045 கிராம் சேர்ந்து 1.505 ஆகிறது, நீளம் 731 மீட்டராக இறங்குகிறது.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு கையில் இருந்தால், நான் சூத்திரத்தைவிட இன்னொரு வழியையே நம்புவேன். 2 மீட்டரை டேப்பால் கவனமாக அளந்து வெட்டி, சுருட்டி நிறுத்துப் பாருங்கள். 3.01 கிராம் வந்தால் மீட்டருக்கு 1.505, எனாமல், விட்டம், அடர்த்தி எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். மாறாக, ஒரு கிராமுக்கும் குறைவாகவே காட்டினால் கம்பி அலுமினியமாக இருக்கலாம்: மேலே காப்பர் நிறம் தெரிந்தாலும், வெட்டிய முனையை லென்ஸில் பார்த்தால் நடுப்பகுதி வெள்ளையாக இருக்கும்.