போட்டோவில் வந்த நோட்ஸில் ஒரு குணகம் மங்கிவிட்டால்: நீள் வகுத்தல், மீதித் தேற்றம், மூலங்கள்

மாரி மழை தொடங்கினால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாதி வகுப்பு வட்ஸ்அப்பில்தான் நடக்கும். கல்முனையில் வகுப்புக்குப் போன ஒருவர் கொப்பியைப் படமெடுத்துக் குறூப்பில் போடுவார், களுவாஞ்சிகுடியில் இருப்பவர் அதைப் பார்த்து எழுதுவார். கட்டுரை எழுதும் பாடமென்றால் ஒரு சொல் தெளிவில்லாவிட்டாலும் பொருளை வைத்து ஊகிக்கலாம். இணைந்த கணிதத்தில் 13 என்பது 18 ஆகத் தெரிந்தால் கணக்கே வேறாகிவிடும். ஆனால் பல்லுறுப்பிகளில் ஒரு வசதி இருக்கிறது. மங்கிப்போன எண்ணைப் பெரும்பாலும் அதே பக்கத்தில் இருக்கும் மற்ற எண்களிலிருந்தே திரும்ப எடுத்துவிடலாம். அதை ஒரு கணக்கை வைத்து முழுதாகச் செய்து பார்ப்போம்.

படத்தில் தெரிவது இவ்வளவுதான். மேலே `4x³ − 1?x + 6`, பக்கத்தில் `x + 2` ஆல் வகுத்திருக்கிறது, கடைசி வரியில் மீதி `0`. கேள்விக்குறி இருக்கும் இடத்தில் பேனை மை பரவிவிட்டது. அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம்.

முதலில் மங்கிய எண்ணைப் பிடிப்போம்

மீதித் தேற்றம் சொல்வது இதுதான்: p(x) ஐ x − a ஆல் வகுத்தால் வரும் மீதி p(a). காரணம் சின்னது. வகுத்து முடித்த பிறகு p(x) = (x − a) × ஈவு + மீதி என்று எழுதலாம். அதில் x இருக்கும் இடத்தில் a ஐப் போட்டால் அடைப்புக்குறி பூச்சியமாகி, ஈவு எதுவாக இருந்தாலும் அழிந்துபோகும். மிஞ்சுவது மீதி மட்டும்.

இங்கே வகுத்தி x + 2. அதை x − (−2) என்று பார்க்கவேண்டும், ஆகவே பிரதியிட வேண்டியது −2. குறியை மாற்றாமல் 2 ஐப் போடுவதுதான் வகுப்பில் அதிகம் நடக்கும் பிழை. "வகுத்தியைப் பூச்சியமாக்கும் x எது?" என்று கேட்டுப் பழகினால் இந்தப் பிழை வராது. வகுத்தி 2x − 1 என்றால் பிரதியிட வேண்டியது 1 அல்ல, 1/2 என்பதும் அதே கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

மங்கிய குணகத்தை, குறியையும் சேர்த்து, k என்று வைப்போம். p(x) = 4x³ + kx + 6. மீதி 0 என்று படத்தில் தெளிவாக இருக்கிறது, ஆகவே p(−2) = 0.

```
4(−2)³ + k(−2) + 6 = 0
−32 − 2k + 6 = 0
k = −13
```

எண் 13, முன்னால் சய. 18 என்று எழுதியிருந்தால் p(−2) = −32 + 36 + 6 = 10 வரும், படத்தில் உள்ள மீதியுடன் பொருந்தாது. குறியையும் k க்குள் விட்டது காரணமாகத்தான். படங்களில் முதலில் தொலைவது எண் அல்ல, சய அடையாளம். கொப்பியின் கோட்டோடு அது சேர்ந்துவிட்டால் சூம் செய்தாலும் பிரித்தறிய முடியாது.

நீள் வகுத்தல்

இப்போது வகுத்தலை நாமே செய்வோம். p(x) இல் x² உறுப்பு இல்லை. இல்லாத உறுப்புக்கு `0x²` என்று இடம் விடவேண்டும். 407 ஐ வகுக்கும்போது நடுவிலுள்ள பூச்சியத்தை விட்டால் 47 ஆகிவிடுவது போலத்தான் இதுவும்.

```
          4x² −  8x  +  3
        ____________________
x + 2 | 4x³ + 0x² − 13x + 6
        4x³ + 8x²
        ---------
            − 8x² − 13x
            − 8x² − 16x
            -----------
                     3x + 6
                     3x + 6
                     ------
                          0
```

ஒவ்வொரு சுற்றிலும் செய்வது ஒன்றேதான். மிஞ்சியிருக்கும் முதல் உறுப்பை x ஆல் வகுத்து மேலே எழுதுகிறோம், அதை x + 2 ஆல் பெருக்கிக் கீழே எழுதுகிறோம், கழிக்கிறோம், அடுத்த உறுப்பைக் கீழே இறக்குகிறோம். 4x³ ஐ x ஆல் வகுத்தால் 4x². அதை x + 2 ஆல் பெருக்கினால் 4x³ + 8x². 0 இலிருந்து 8 ஐக் கழிக்க −8x². அடுத்த சுற்றில்தான் பலர் விழுகிறார்கள்: −13x இலிருந்து −16x ஐக் கழிக்கவேண்டும்.

−13 − (−16) = −13 + 16 = 3. அவசரத்தில் −13 − 16 = −29 என்று எழுதினால் ஈவின் கடைசி உறுப்பு −29 ஆகி, மீதி 6 + 58 = 64 என்று வரும். p(−2) பூச்சியம் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் 64 ஐக் கண்டதும் நிறுத்தவேண்டும். பிழை எந்த வரியில் என்று மீதித் தேற்றம் காட்டாது, பிழை இருக்கிறது என்று மட்டும் காட்டும். தேடவேண்டிய முதல் இடம் இந்த இரட்டைச் சய வரிதான்.

`0x²` ஐ விட்டவருக்கு வேறு மாதிரி வரும். அவர் −13 இலிருந்து 8 ஐக் கழித்து −21 என்பார், பிறகு 6 ஐ இறக்கி மீதி 48 என்று முடிப்பார். இதை மீதியைப் பார்க்காமலே பிடிக்கலாம். முப்படியை ஒருபடியால் வகுத்தால் ஈவில் x², x, மாறிலி என்று மூன்று இடங்கள் இருக்கவேண்டும். இவருடைய ஈவோ இரண்டே உறுப்போடு, வகுத்தல் ஒரு சுற்றுக் குறைவாக முடிந்திருக்கும்.

படத்திலிருந்து பார்த்து எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சில சேர்மார் கழிக்கும் வரியின் கீழே குறிகளை மாற்றிச் சின்னதாக எழுதுவார்கள்: சக இருந்த இடத்தில் சய, சய இருந்த இடத்தில் சக. கரும்பலகைக்கு அது நல்ல பழக்கம், மாற்றுவது கண்முன்னே நடக்கிறது. படத்தில் இரண்டு குறியும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். மாற்றிய குறியை உறுப்பின் குறி என்று எடுத்துக்கொண்டு, கழிக்கும்போது மறுபடி மாற்றினால் மேலே சொன்ன −29 தான் வரும். ஆகவே கழிக்கும் வரியைப் படத்திலிருந்து எழுதாதீர்கள். மேலே உள்ள ஈவின் உறுப்பை x + 2 ஆல் நீங்களே பெருக்கி எழுதுங்கள்.

10 ஐப் போட்டுப் பார்த்தல்

வகுத்தல் முழுவதும் சரியா என்று பார்க்க x = 1 ஐப் பிரதியிடுவது வழக்கம். p(1) = 4 − 13 + 6 = −3. ஈவு 4 − 8 + 3 = −1, வகுத்தி 3, பெருக்கம் −3. சரி. ஆனால் இதில் ஓட்டை இருக்கிறது. x = 1 ஆகும்போது x³, x², x எல்லாம் 1 தான். ஒரு குணகத்தைத் தவறான நிரலில் எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது, பிழை ஒளிந்துகொள்ளும்.

10 ஐப் போடுவது மேல். கணக்கும் சுலபம், நிரல் தவறினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

```
p(10)   = 4000 − 130 + 6 = 3876
ஈவு     = 400 − 80 + 3   = 323
வகுத்தி = 12
323 × 12 = 3876
```

3876 ஐ 12 ஆல் நாலாம் வகுப்புப் பிள்ளை வகுப்பதும் நாம் மேலே செய்ததும் ஒரே வேலைதான். x இன் இடத்தில் பத்து, அவ்வளவே.

மூலங்கள்

மீதி 0 ஆனதால் x + 2 ஒரு காரணி, −2 ஒரு மூலம். மற்ற இரண்டும் ஈவுக்குள் இருக்கின்றன. 4x² − 8x + 3 இல் 4 × 3 = 12, கூட்டினால் −8 தரும் சோடி −2, −6.

```
4x² − 2x − 6x + 3
= 2x(2x − 1) − 3(2x − 1)
= (2x − 1)(2x − 3)
```

மூலங்கள் −2, 1/2, 3/2. கூட்டினால் 0 வருகிறது, x² இன் குணகமும் 0. பெருக்கினால் −3/2, அது −6/4 தான். இரண்டும் பொருந்துகின்றன.

வகுத்தி படத்தில் இல்லாமல் சமன்பாடு மட்டும் வந்திருந்தால் முதல் மூலத்தைத் தேடவேண்டும். குணகங்கள் முழு எண்களாக இருக்கும்போது, பின்னமாகவோ முழு எண்ணாகவோ ஒரு மூலம் இருந்தால், அதைச் சுருக்கி எழுதும்போது தொகுதி 6 இன் காரணியாகவும் பகுதி 4 இன் காரணியாகவும் இருக்கவேண்டும். முழு எண்களில் தொடங்குங்கள்: p(1) = −3, p(−1) = 15, p(2) = 12, p(−2) = 0. தவறிய முயற்சிகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். p(1) மறை, p(2) நேர், ஆகவே 1 க்கும் 2 க்கும் இடையில் ஒரு மூலம் இருக்கிறது. p(0) = 6, p(1) = −3, ஆகவே 0 க்கும் 1 க்கும் இடையில் இன்னொன்று. வகுக்கும் முன்பே 3/2, 1/2 இரண்டின் வாசனையும் வந்துவிட்டது.

இந்தப் பட்டியலில் ஒன்றுகூடச் சரிவராவிட்டால் அந்தச் சமன்பாட்டுக்கு விகிதமுறு மூலமே இல்லை. மங்கிய எண்ணை 18 என்று எடுத்தால் அதுதான் நடக்கும்: 4x³ − 18x + 6 இல் 1/2, 3/2 உட்பட எதைப் போட்டாலும் பூச்சியம் வராது. காரணிப்படுத்தச் சொல்லிக் கொடுத்த வகுப்புக் கணக்கில் இப்படி நடந்தால், கணக்கு கடினம் என்று முடிவுகட்ட முன் படத்தை மறுபடி பாருங்கள். அனுப்பியவரிடம் அதே படத்தை `Document` ஆக அனுப்பச் சொன்னால் வட்ஸ்அப் அதைச் சுருக்காது.

இரண்டு எண்கள் மங்கியிருந்தால்

ஒரு மீதியிலிருந்து ஒரு தெரியாக் கணியத்தைத்தான் எடுக்கலாம். x² உறுப்பு உண்மையிலேயே இல்லையா, அல்லது நிழல் விழுந்து மறைந்துவிட்டதா என்ற சந்தேகமும் இருந்தால் p(x) = 4x³ + ax² + kx + 6. இப்போது இரண்டு மீதிகள் வேண்டும். பக்கத்தின் அடியில் அதே p(x) ஐ x − 1 ஆல் வகுத்து மீதி −3 என்று எழுதியிருக்கிறது என்று வைப்போம்.

```
p(−2) = −32 + 4a − 2k + 6 = 0   →   2a − k = 13
p(1)  = 4 + a + k + 6 = −3      →   a + k = −13
```

கூட்டினால் 3a = 0, ஆகவே a = 0, k = −13. x² உறுப்பு மறையவில்லை, அது அங்கே இருக்கவே இல்லை.