வாய்மொழி உத்தரவுகள் தவறுகின்றனவா? மாற்றத்தை இப்படிக் கேளுங்கள்

கவனத்தைப் பாதிக்கும் ஏ.டி.எச்.டி. நிலை உள்ளவர்கள் மேலாளரிடம் மாற்றம் கேட்கும்போது, மருத்துவப் பெயரில் தொடங்காமல், தவறு எங்கே நேர்கிறது, அதற்கு எந்த ஒரு மாற்றம் வேண்டும், எத்தனை வாரம் சோதிக்கலாம் என்பதை மட்டும் சிறு மின்னஞ்சலில் எழுதுங்கள்.

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில், மேலாளர் நடந்தபடியே மூன்று வேலைகளைச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டதை மனத்தில் நிறுத்திக்கொண்டே வேலை செய்யும் திறன் ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு எளிதில் தடுமாறுவதால் மூன்றாவது வேலை விடுபடுகிறது. மேலாளருக்கு அது அலட்சியமாகப் படுகிறது. குறுக்கிட்டு மறுபடி கேட்டாலோ மரியாதைக் குறைவாகப் படுகிறது.

அவருக்கு இப்படி எழுதலாம்: “வாய்மொழியாகச் சொல்லப்படும் பணிகளில் கடைசியானது எனக்குத் தவறிவிடுகிறது. பணியையும் முடிக்கவேண்டிய நேரத்தையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பினால் உடனே உறுதிசெய்வேன். நான்கு வாரம் பார்த்துவிட்டுப் பேசலாமா?” இதில் பேச்சு குணத்தைப் பற்றியதாக இல்லாமல் பிழையைப் பற்றியதாக மாறுகிறது, செலவற்ற, காலவரையறை உள்ள சோதனையை மறுப்பது மேலாளருக்கும் கடினம். உறுதிசெய்யும் பதிலை மட்டும் தவறவிடாதீர்கள், மேலாளர் முதலில் கவனிப்பது அதைத்தான்.

வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றக் கேட்பதற்கு இந்த முறை போதாது. தீபகற்ப மலேசியாவில் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60P, 60Q பிரிவுகளின்கீழ் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதிலளிக்கவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். தவறுக்கு விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பும் காரணம் கோரும் கடிதம் ஏற்கெனவே கையில் வந்திருந்தால், நான்கு வாரச் சோதனையைப் பற்றிப் பேசாமல், மருத்துவச் சான்றுடன் கெடுவுக்குள் அக்கடிதத்துக்குப் பதிலளிப்பதே முதல் வேலை.