பெற்றோருக்கு அனுப்பும் தேர்வுக் குறிப்பில் 'நாளை' வேண்டாம்

பாம்பன், மண்டபம் பக்கம் பல அப்பாக்கள் இரவு கடலுக்குப் போய் மறுநாள் கரைக்கு வந்துதான் போனைப் பார்ப்பார்கள், அவர்களுக்கு உங்கள் 'நாளை' ஏற்கெனவே இன்று ஆகியிருக்கும். அதனால் தேதியும் கிழமையும் போடுங்கள். வரிசையையும் மாற்றாதீர்கள்:

9-ஆ, தமிழ்
தேர்வு: 12.08, புதன்
பகுதி: இயல் 1, 2 (துணைப்பாடம் கிடையாது)
வீட்டுப்பாடம்: இயல் 2 இலக்கணப் பயிற்சி, நோட்டில்

'இயல் 2 வரை' என்று மட்டும் எழுதினால் போச்சு, ஓர் இயலுக்குள்ளேயே செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் எல்லாம் இருப்பதால் எது உண்டு, எது இல்லை என்று ராத்திரி முழுக்கக் கேள்வி வரும். வீட்டுப்பாடம் இல்லாத நாளிலும் அந்த வரியை விடாமல் 'இல்லை' என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் டீச்சர் மறந்துவிட்டாரோ என்பார்கள். அப்புறம், பகுதி மாறினால் பழையதைச் சத்தமில்லாமல் திருத்தாமல், மேலே 'திருத்தம்' என்று போட்டு முழுசாகத் திரும்ப அனுப்புங்கள்.