கால் ஆணியைத் தோண்டாதீர்கள்

உள்ளங்காலில் ஆணி வந்ததும் பலர் தேடுவது பிளேடைத்தான். உள்ளே வேர் இருக்கிறது, தோண்டி எடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பு. அப்படி ஒரு வேரே கிடையாது.

இறுக்கமான செருப்பிலும் ஷூவிலும் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்தி உரசும்போது, தோல் தன்னைக் காத்துக்கொள்ள அங்கே அடுக்கடுக்காகத் தடிக்கிறது. அழுத்தம் பரவலாக விழுந்தால் அகலமான காய்ப்பு; பெரும்பாலும் வலிக்காது. ஒரே புள்ளியில் குவிந்தால் தடித்த தோல் உள்நோக்கிக் கூம்பாக இறங்கி, மிதிக்கும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். அதுதான் ஆணி.

முன்பக்கம் குறுகி, குதிகால் உயர்ந்த ஷூவை நாள் முழுக்க அணியும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடல் எடை முன்னால் சரிந்து, இரண்டாவது விரலுக்குப் பின்னால் உள்ள எலும்பின் முனையில் இறங்கும். அங்கே வந்த ஆணியை எப்படி எடுத்தாலும், அதே ஷூவைப் போட்டால் திரும்ப வரும். அதனால் வைத்தியம் ஷூவிலிருந்துதான் தொடங்க வேண்டும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, ஷூவை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கானது அல்ல.

அப்புறம் மென்மையாக்குவது. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை வைத்திருந்து, ஈரத்தோடு பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் முழுதாகத் தேய்த்து எடுக்கப் பார்ப்பது அடுத்த தவறு. தோல் சிவந்தாலோ எரிந்தாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள். துடைத்துவிட்டு, யூரியா கலந்த கிரீம் பூசுங்கள். விரலிடுக்கில் வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். இப்படிச் சில வாரங்கள் செய்தால் தடிப்பு மெல்ல மெல்லக் குறையும்.

கடையில் கிடைக்கும் ஆணி பிளாஸ்திரிகள் பலவற்றில் சாலிசிலிக் அமிலம் இருக்கும். அதற்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. சுற்றியுள்ள தோலையும் அரித்துவிடும். சர்க்கரை நோய், காலில் மரத்துப்போதல், ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள் பிளாஸ்திரி, பிளேடு இரண்டையும் தொடவே கூடாது. வலி தெரியாத காலில் புண் ஆழமாகும் வரை கவனத்துக்கே வராது. இவர்கள் நேராக மருத்துவரிடம் போவதே சரி. சீழ், சூடு, பரவும் சிவப்பு இருந்தால் யாராக இருந்தாலும் போக வேண்டும்.

இன்னொன்று, ஆணி என்று நினைப்பது பாலுண்ணியாகவும் இருக்கலாம். பாலுண்ணியில் தோலின் ரேகைகள் விளிம்போடு நின்றுவிடும், உள்ளே கரும்புள்ளிகள் தெரியலாம், இருபுறமும் கிள்ளினால் வலிக்கும். ஆணியில் ரேகை தொடரும். நேராக அழுத்தினால்தான் வலி அதிகம். பாலுண்ணிக்குக் காரணம் வைரஸ், தேய்த்தால் பரவும். சந்தேகம் இருந்தால் கல்லை எடுக்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.